நோட்டா, மெஷினா, ஷீட்டா, ஆப்பா: சின்ன ஹோட்டலில் வேலை நேரமும் ஓ.டி.யும் சம்பளமும் எதில் எழுதுவது?

திருச்சியில் பத்துப் பேருக்குள் வேலை பார்க்கும் ஹோட்டல்கள் சிலவற்றுக்கு நான் மாதக் கணக்கு எழுதுகிறேன். புதிதாக ஒரு கடைக்குப் போனால் முதலில் கேட்பது வருகை நோட்டைத்தான். பெரும்பாலும் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வரும். பெயருக்கு நேரே முப்பத்தொரு கட்டம், வந்தவருக்கு டிக், வராதவருக்குப் பெருக்கல் குறி. யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று அதில் தெரியும். எத்தனை மணி வேலை பார்த்தார்கள் என்று தெரியாது. ஹோட்டலில் சம்பளத் தகராறு வருவது பெரும்பாலும் மணியில்தான்.

காரணம், நம் தொழிலின் நேரமே இரண்டாக உடைந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பாதி, ராத்திரி டிபனுக்கு ஒரு பாதி, நடுவில் மூன்று மணி நேரம் ரூமில் படுக்கை. கடை ‘பத்தரைக்கு மூடுது’ என்பார்கள். பத்தரைக்கு உட்கார்ந்த கடைசி டேபிள் எழுந்து, மேஜை துடைத்து, தரை கழுவி, கல்லா எண்ணி முடிய பதினொன்றே கால் ஆகும். சனி, ஞாயிறு என்றால் நள்ளிரவைத் தாண்டும். ஆகவே எந்த முறையைத் தேர்ந்தாலும் அதை நான் எடைபோடுவது இரண்டு கேள்விகளால்தான்: ஒரு நாளின் நான்கு நேரங்களையும் அது பிடிக்கிறதா? இரவு 12 மணியைத் தாண்டிப் போனவரின் நேரத்தைச் சரியான நாளில் வைக்கிறதா?

பேச்சுக்கு ஒரு கடையையும் ஒரு சப்ளையரையும் எடுத்துக்கொள்வோம். நான் கணக்கு எழுதும் கடைகளில் ஒன்று, ஒன்பது பேர் வேலை. அந்தச் சப்ளையருக்கு மாதச் சம்பளம் 15,600 ரூபாய், செவ்வாய் வாரலீவு. ஷிப்ட் காலை 11 முதல் மதியம் 3 வரை, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. ஒரு நாளுக்கு 8 மணி, ஆறு நாளில் 48. எழுத்தில் பார்த்தால் ஓ.டி.யே இல்லை. அவர் நிஜமாகக் கடையை விட்டுப் போவது திங்கள், புதன், வியாழன், வெள்ளியில் 11.15க்கு, சனி, ஞாயிறில் 12.15க்கு. நான்கு நாள் முக்கால் மணி வீதம் 3 மணி, இரண்டு நாள் ஒன்றே முக்கால் வீதம் 3.5 மணி. வாரத்துக்கு ஆறரை மணி.

இதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 600. அதை 8 ஆல் வகுத்தால் மணிக்கு 75. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, அதற்கு முன்பிருந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் வழக்கமும் சரி, ஓ.டி.க்கு இரண்டு மடங்கு என்றே சொல்கின்றன. மணிக்கு 150. ஆறரை மணிக்கு 975 ரூபாய். நான்கு வாரத்துக்கு 3,900.

அந்தக் கடையில் இதற்குப் பதிலாக என்ன கொடுத்துவந்தார்கள்? சனி, ஞாயிறு இரவில் கையில் 100 ரூபாய் பேட்டா. மற்ற நாள் முக்கால் மணிக்கு ஒன்றும் இல்லை. முதலாளி கெட்டவர் இல்லை. ‘அண்ணே, நான் பேட்டா கொடுத்துடுறேனே, பிறகென்ன ஓ.டி.?’ என்று மனதாரக் கேட்டார். சனிக்கிழமை ஒன்றே முக்கால் மணிக்கு மட்டும் 262 ரூபாய் 50 காசு வருகிறது என்று எழுதிக் காட்டியபோதுதான் அவருக்கு உறைத்தது. கொடுத்த நூறும் எந்த நோட்டிலும் இல்லை; நாளை யாராவது கேட்டால் கொடுத்ததாகக் காட்டவும் முடியாது.

இந்தக் கடைக்கு நான்கு வழிகளையும் பொருத்திப் பார்க்கிறேன்.

கையெழுத்து நோட்டு

நோட்டை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. ஐந்தாறு பேர் உள்ள கடைக்கு ஒழுங்காக எழுதிய நோட்டைவிடச் சிறந்தது இல்லை. டிக்குக்குப் பதிலாக ஒரு நாளுக்கு நான்கு நேரம், பக்கத்தில் கையெழுத்து. அவ்வளவுதான் மாற்றம். ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தம்பிகளுக்குத் தமிழ் எழுதத் தெரியாவிட்டாலும் மணியை எண்ணில் எழுதத் தெரியும்.

நோட்டு கெடுவது ஒரே இடத்தில்தான். எழுத வேண்டிய நேரத்தில் எழுதாமல், ராத்திரி கடைசியில் கல்லாவில் இருப்பவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதிவிடுவார். அப்படி எழுதிய பக்கத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். ஒன்பது பேரும் சரியாக 11.00க்கு வந்து 10.30க்குப் போயிருப்பார்கள், ஒரே பேனா, ஒரே சாய்வு. நிஜமாக எழுதிய பக்கத்தில் 10.52, 11.07 என்று ஒழுங்கில்லாத எண்கள் இருக்கும், எண்ணெய்க் கறையும் இருக்கும். எனக்கு அந்தக் கறை படிந்த பக்கத்தில்தான் நம்பிக்கை.

ஒரு கடையில் இது பெரிய சிக்கலாகவே ஆனது. வேலையை விட்டுப் போன ஒரு மாஸ்டர், தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் தான் போன நேரத்தை எழுதிச் சேர்த்து வைத்திருந்தார், ஒரு வருடத்துக்கு மேல். முதலாளியிடம் டிக் போட்ட நோட்டு. ஊதிய பாக்கி கேட்டு மனு வந்தால் பாக்கி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் முதலாளி மேல்தான் வைக்கிறது, அதுவும் மூன்று வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். டிக்கை வைத்து எதை நிரூபிப்பது? பேசி முடித்துப் பணத்தைக் கொடுத்தார்கள். கொடுத்த தொகையை விட, நல்ல மாஸ்டர் ஒருவர் மனம் நொந்து போனதுதான் அந்தக் கடைக்குப் பெரிய நஷ்டம்.

பஞ்ச் மெஷின்

எட்டுப் பேரைத் தாண்டினால் நான் மெஷின் பக்கம் சாய்கிறேன். விரலையோ முகத்தையோ பார்த்து நேரத்தைப் பதியும் இதில் ஒருவருக்காக இன்னொருவர் பஞ்ச் வைக்க முடியாது, பின்னால் போய் எழுதவும் முடியாது. ஆனால் ஆபீசுக்கு வாங்குவது போல வாங்கிவந்து மாட்டினால் ஹோட்டலில் ஒரு மாதம்கூட ஓடாது.

முதல் சிக்கல் விரல். பாத்திரம் கழுவும் அம்மாவின் விரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி ரேகை தேய்ந்திருக்கும். பரோட்டா மாஸ்டரின் கையில் மாவும் எண்ணெயும், கல்லில் பட்ட சூட்டுத் தழும்பும் இருக்கும். மெஷின் மூன்று முறை மறுக்கும், நாலாவது முறை அவர் வைக்காமல் போய்விடுவார். ஆகவே சமையலறை உள்ள கடைக்கு முகம் பார்க்கும் மெஷின்தான் வாங்க வேண்டும். அதையும் கல்லாப் பக்கம் மாட்டாதீர்கள். ஆட்கள் வந்து போகிற பின்வாசலில், புகையும் ஆவியும் அடிக்காத, வெளிச்சம் முகத்தில் விழுகிற இடத்தில் மாட்டுங்கள்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. வாங்கி வரும்போது மெஷினும் அதன் சாப்ட்வேரும் இரவு 12 மணிக்கு நாளை மாற்றுவதாகவே பெரும்பாலும் இருக்கும். நம் சப்ளையர் சனிக்கிழமை இரவு 12.15க்கு வைத்த பஞ்ச், ஞாயிற்றுக்கிழமையின் முதல் பஞ்சாகப் பதிவாகும். ரிப்போர்ட்டில் சனிக்கிழமை ‘வெளியே போகவில்லை’ என்று வரும். ஞாயிறு அதிகாலை 12.15க்கே வேலைக்கு வந்ததாக வரும். அமைப்புப் பகுதியில் நாள் மாறும் நேரத்தை அதிகாலை 4 மணி என்று வைத்தால் சரியாகும். அதை மாற்ற முடியாத மெஷினை ஹோட்டலுக்கு வாங்கவே வேண்டாம். கடைக்காரரிடம் இந்த ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

மூன்றாவது, விட்டுப்போன பஞ்ச். ஒரு நாளுக்கு நான்கு முறை, ஒன்பது பேர் என்றால் 36. கூட்ட நேரத்தில் ஒன்றிரண்டு கட்டாயம் விடும். அதை மறுநாளே கேட்டுத் திருத்த வேண்டும். மாதக் கடைசியில் ‘பன்னிரண்டாம் தேதி மதியம் எத்தனை மணிக்குப் போனே தம்பி?’ என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? மெஷின் வந்த பிறகும் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு தொங்க வேண்டும்: தேதி, பெயர், விட்டுப்போன நேரம், தொழிலாளி கையெழுத்து, முதலாளி கையெழுத்து.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்

ஷீட் நேரத்தைப் பிடிக்காது, கணக்குத்தான் போடும். நேரம் நோட்டிலிருந்தோ மெஷினிலிருந்தோ வர வேண்டும். செலவில்லாமல் கிடைக்கிறது, என் கடைகளில் பாதி இதில்தான் ஓடுகின்றன. ஆனால் ஷீட்டில் வரும் தவறுகள் சத்தமில்லாமல் வரும்.

மாலை 18:30க்கு வந்து இரவு 0:15க்குப் போனவருக்கு, போன நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் மைனஸ் வரும். எக்செல் அந்தக் கட்டத்தில் வெறும் `#####` காட்டும். அதைப் பார்த்ததும் பலர் கட்டத்தை அகலமாக்கிப் பார்த்து, கடைசியில் கையால் ஏதோ ஒரு எண்ணை அடித்துவிடுகிறார்கள். B, C, D, E ஆகிய நான்கு கட்டங்களில் நான்கு நேரங்களையும் வைத்து F-இல் இதைப் போடுங்கள்:

```
=IF(COUNT(B2:E2)<4,"?",(MOD(C2-B2,1)+MOD(E2-D2,1))*24)
```

`MOD` நள்ளிரவைத் தாண்டியதைச் சரிசெய்கிறது. முன்னால் உள்ள `COUNT` எதற்கு என்றால், அது இல்லாமல் விட்டால் ஒரு வினோதம் நடக்கும்: 11 மணிக்கு வந்தவரின் வெளியேறும் கட்டம் காலியாக இருந்தால், ஷீட் அதை நள்ளிரவாக எடுத்துக்கொண்டு 13 மணி நேரம் என்று காட்டும். பஞ்ச் வைக்க மறந்தவருக்குக் கூடுதல் சம்பளம் போய்விடும். அரைநாள் வேலை என்றால் வராத பாதியின் இரண்டு கட்டங்களிலும் 0 போட்டுவிடுங்கள். அடுத்த G கட்டத்தில் அன்றைய ஓ.டி., வாரக் கடைசியில் அதன் தொகை:

```
=MAX(0,F2-8)
=ROUND(SUM(G2:G7)*15600/26/8*2,0)
```

வாரலீவு நாளுக்கு ஷீட்டில் வரிசை வைப்பதில்லை, அதனால் ஆறே வரிசை. நம் சப்ளையருக்கு இது 975 கொடுக்கும். எந்த வரிசையிலாவது கேள்விக்குறி இருந்தால் தொகைக்குப் பதில் பிழைதான் வரும். அதைச் சரிசெய்யாமல் சம்பளம் போட முடியாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறேன்.

சூத்திரத்தில் 24 ஆல் பெருக்கியதைக் கவனியுங்கள். ஷீட்டுக்கு ஒரு நாள் என்பது 1. ஆறரை மணி என்பது 0.27 சொச்சம். 24 ஐ விட்டுவிட்டு 6:30 என்ற கட்டத்தை 150 ஆல் பெருக்கினால் 40 ரூபாய் 63 காசு வரும். அது கண்ணில் படும், திருத்திவிடலாம். கண்ணில் படாத தவறு, ஆறு மணி முப்பது நிமிடத்தை 6.30 என்று புள்ளி வைத்து அடிப்பது. 6.30ஐ 150 ஆல் பெருக்கினால் 945. முப்பது ரூபாய் குறைவு, பார்க்கச் சரியான தொகை மாதிரியே இருக்கும். ஒன்பது பேருக்கு வாரா வாரம் இப்படிப் போனால், யாருக்கும் தெரியாமல் தொழிலாளியின் பணம் கரைகிறது.

இன்னொன்று, எனக்கே ஒருமுறை அரை நாள் தலைவலி கொடுத்தது. வார மொத்தம் 54 மணி 30 நிமிடத்தைச் சாதாரண நேர வடிவத்தில் வைத்தால் ஷீட் 24 மணிக்கு ஒருமுறை சுற்றிவந்து 6:30 என்று காட்டும். இரண்டு சுற்று என்பது சரியாக 48 மணி. ஆகவே மிச்சம் தெரிவது ஓ.டி. போலவே இருக்கும், ‘அட, ஷீட்டே ஓ.டி.யைக் கழித்துக் கொடுக்குதே’ என்று நம்பிவிடுவோம். அடுத்த வாரம் 47 மணி வேலை பார்த்தவருக்கு 23:00 என்று வரும்போதுதான் குட்டு வெளிப்படும். மொத்தத்துக்கு `[h]:mm` வடிவம், அல்லது மேலே உள்ளது போல வெறும் எண்.

சம்பள ஆப்

ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்கும் ஆப்கள் வருகை, ஓ.டி., சம்பளச் சீட்டு, பி.எப்., ஈ.எஸ்.ஐ. வரை சேர்த்துப் போட்டுக் கொடுக்கும். இருபது பேரைத் தாண்டிய கடைக்கும், இரண்டு கிளை உள்ளவருக்கும் இது வேண்டியதுதான். சின்னக் கடையில் இதன் இடைஞ்சல், சமையலறையில் போனை வைத்துக்கொள்ள விடாத முதலாளியே போனில் வருகை போடச் சொல்வது. மற்றொன்று, ஆப் தானாகச் சரியான கணக்குப் போடும் என்ற எண்ணம். ஓ.டி.க்கு ஒரு மடங்கா இரண்டா, 30 ஆல் வகுப்பதா 26 ஆலா என்பதை ஒருமுறை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 30 ஐ விட்டுவைத்தால் நம் சப்ளையரின் மணிக்கூலி 65 ஆகி, ஓ.டி. 130 ஆகும்; மாதம் 520 ரூபாய் குறையும். முதல் மாதம் ஒருவருடைய சம்பளத்தையாவது பேப்பரில் கையால் போட்டு ஆப்போடு ஒத்துப் பாருங்கள்.

ஆடிட்டர் ஆபீசில் கொடுத்துவிட்டேன், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் நீங்கள் கொடுத்த நாளையும் மணியையும் வைத்துத்தான் போடுவார்கள். முக்கால் மணி நேரம் உங்கள் நோட்டிலேயே இல்லை என்றால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எந்த வழியிலும் வரும் பிழைகள்

வாரங்களைச் சேர்த்துச் சராசரி பார்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ‘போன வாரம் அம்பத்தி நாலு, இந்த வாரம் கூட்டம் இல்லை, நாப்பத்தி ரெண்டுதான், சரியாப் போச்சு’ என்பார்கள். சரியாகப் போகாது. மெலிந்த வாரம் நிறைந்த வாரத்தின் ஓ.டி.யை விழுங்கக் கூடாது. அதே போல ஒரு நாள் லீவு எடுத்தார் என்பதற்காக மற்ற ஐந்து நாள் கூடுதலாக நின்றதை அதில் கழிப்பதும் தவறு. மாதம் வாரத்தின் நடுவில் முடிந்தால், வாரம் எந்த மாதத்தில் முடிகிறதோ அந்த மாதச் சம்பளத்தில் அந்த வார ஓ.டி.யைச் சேர்ப்பது என்று நான் ஒரே வழக்கமாக வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் 30, 31 தேதிகள் இரண்டு மாதத்திலும் வராமல் போய்விடும்.

தாமதத்துக்கு அரைநாள் வெட்டுவது இன்னொன்று. நம் சப்ளையர் 20 நிமிடம் தாமதமாக வந்தால் வராத நேரத்தின் மதிப்பு 25 ரூபாய். அரைநாள் என்று 300 பிடித்தால் 275 ரூபாய் அபராதம் போட்டதாக ஆகிறது. அபராதத்துக்குச் சட்டத்தில் தனி நிபந்தனைகள் உண்டு: எதற்கு என்று முன்கூட்டி அறிவித்திருக்க வேண்டும், அந்தச் சம்பளக் காலத்துக்கு ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஊருக்குப் போக வாங்கிய அட்வான்ஸை ஒரே மாதத்தில் பிடிக்கும் கடைகளில் இந்தப் பாதிக் கணக்கு அடிக்கடி மீறப்படுகிறது.

அடுத்தது தலை எண்ணிக்கை. பத்துப் பேர் என்றால் ஈ.எஸ்.ஐ., இருபது என்றால் பி.எப். ஒன்பது பேர் கடை என்று நினைத்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாத்திரம் கழுவ வரும் அம்மா நோட்டில் இருக்கவே மாட்டார். அவர்தான் பத்தாவது. ஈ.எஸ்.ஐ. வந்துவிட்டால் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,600க்குத் தொழிலாளியிடம் 117 ரூபாய் பிடிக்கலாம், முதலாளி 507 தன் கையிலிருந்து கட்ட வேண்டும். இரண்டையும் கூட்டி 624 ஆகச் சம்பளத்தில் பிடித்த கடையை நான் பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்தாலும் அது தொழிலாளியின் பணம்.

சம்பளத் தேதி பற்றியும் ஒரு வார்த்தை: மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், வேலையை விட்டுப் போனவருக்கு இரண்டு வேலை நாளுக்குள். குறைந்தபட்ச ஊதியத்தின் அகவிலைப்படி தமிழ்நாட்டில் ஏப்ரல் 1 அன்று மாறும். ஏப்ரல் சம்பளம் போடும்போது புது அறிவிப்பை எடுத்துப் பார்த்துவிட்டு ஷீட்டில் அந்த 15,600 என்ற எண்ணைத் தொடுங்கள்.

ஒன்பது பேர் கடைக்கு என்ன செய்தோம்

முகம் பார்க்கும் மெஷின் ஒன்று பின்வாசலில், நாள் மாற்றம் அதிகாலை 4 மணி. விட்டுப்போனதற்கு மட்டும் நோட்டு. திங்கட்கிழமை மதியம் ரிப்போர்ட்டைப் பென் டிரைவில் எடுத்து ஷீட்டில் ஒட்டினோம். முதல் இரண்டு வாரம் பழைய நோட்டிலும் சேர்த்தே எழுதச் சொன்னேன். இரண்டும் எங்கே பிரிகிறது என்று பார்த்ததில் விட்டுப்போன பஞ்ச் எல்லாம் மதியம் 3 மணி வெளியேறுதலில்தான் இருந்தது. சாப்பிட உட்காரும் அவசரம். மெஷினைச் சாப்பாட்டு மேஜை இருக்கும் பக்கமாக நகர்த்தியதும் பாதி குறைந்தது.

மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு: நாட்கள், ஓ.டி. மணி, தொகை, பிடித்தம். சப்ளையர் தன் சீட்டில் 26 மணி என்று இருந்ததைத் தன் போனில் எழுதி வைத்திருந்ததோடு ஒத்துப் பார்த்துவிட்டு, ‘கரெக்டா இருக்குண்ணே’ என்றார்.

முதலாளிதான் அந்த மாத மொத்த ஓ.டி. தொகையைப் பார்த்து சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எந்த நாளில், எந்த மணியில் அது சேருகிறது என்று வரிவரியாகப் பார்த்தார். வார நாட்களில் பத்து மணிக்கு மேல் வந்தது ஒன்றிரண்டு டேபிள்தான். அடுத்த வாரத்திலிருந்து திங்கள் முதல் வெள்ளி வரை கடைசி ஆர்டர் 9.45 என்று பலகையில் எழுதிவிட்டார். சனி, ஞாயிறை மாற்றவில்லை, அந்த ஓ.டி.யை முழுதாகக் கொடுக்கிறார்.